தலைப்புக்கு இடம் விட்டு ஒரே படத்தை நிறுத்துவது எப்படி?

கேள்வி: பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்துக்கொள்ளும் அண்ணன் தம்பியைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். ‘தலைப்புக்கு இடம் விட்டு, புத்தக அட்டை வரைந்து கொடு’ என்று ஏஐ படச் செயலியில் எழுதினால், படம் முழுவதும் பொருள்கள் நிரம்பிவிடுகின்றன. மேலே புரியாத எழுத்துகளும் வந்துவிடுகின்றன. பிராம்ப்ட்டை எப்படி எழுதினால் மனத்தில் நிற்கும் ஒரே படமும் தலைப்புக்கான இடமும் கிடைக்கும்?

பதில்: முதலில் உங்கள் பிராம்ப்ட்டிலிருந்து ‘புத்தக அட்டை’, ‘தலைப்பு’ என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிடுங்கள். இந்தச் செயலிகள் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் விளக்கக் குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்துப் பழகியவை. புத்தக அட்டை என்று குறிக்கப்பட்ட படங்களில் எழுத்து இல்லாதது அரிது. ஆகவே அந்தச் சொல்லைக் கண்டதும் செயலி எழுத்தைப் போன்ற வடிவங்களைச் சேர்த்துவிடுகிறது, சில வேளைகளில் மேசைமேல் கிடக்கும் முழுப் புத்தகத்தையே வரைந்துவிடுகிறது. ‘எழுத்து வேண்டாம்’ என்று எழுதுவதும் பல செயலிகளில் பயன்படாது. விளக்கக் குறிப்புகள் படத்தில் இருப்பதைத்தான் சொல்லும், இல்லாததைச் சொல்வதில்லை. அதனால் மறுப்புச் சொல் வலுவிழந்து, ‘எழுத்து’ என்ற சொல் மட்டும் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

தலைப்புக்கான வெற்றிடத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். ‘இடம் விடு’ என்பது வரையத்தக்க பொருள் அன்று. அந்த இடத்தை எது நிரப்பியிருக்கிறது என்று சொன்னால்தான் செயலிக்குப் புரியும்: மேகமற்ற வெளிறிய வானம், மூடுபனி, தேங்கிய நீர், ஒரே நிறப் பின்னணி என்று ஏதேனும் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொருளின் அளவையும் ‘சிறிதாக’ என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடாதீர்கள். பொருளை நடுவில் பெரிதாக நிறுத்துவதே செயலியின் இயல்பான சாய்வு. ‘தொலைவிலிருந்து பார்க்கும் காட்சி, பொருள் கீழ் மூன்றில் ஒரு பங்கில் மட்டும்’ என்று பார்வையின் தொலைவையும் பொருளின் இடத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சாய்வு மாறும்.

இனி உங்கள் நாவலுக்கு வருவோம். அண்ணன், தம்பி, பழைய வீடு, முற்றம், பத்திரம் என்று கதையில் உள்ள அனைத்தையும் படத்தில் கேட்டால், ஒன்றும் மையமாக நிற்காது. கதையின் மோதலை ஒரே பொருளில் பார்க்க முடியுமா என்று தேட வேண்டும். எனக்குத் தோன்றுவது இது: ஒரு நீண்ட மரமேசை, அதன் நடுவே குறுக்காக எழும்பும், இன்னும் கட்டி முடியாத செங்கல் சுவர். ஒருகாலத்தில் எல்லோரும் சேர்ந்து அமர்ந்த இடமும் பிரிவும் ஒரே உருவமாகிவிடுகின்றன. மேசையை நீளவாக்கில் பக்கத்திலிருந்து பார்த்தால், கிடையான ஒரு கோட்டின்மேல் செங்குத்தான ஒரு குட்டைத் தூண் நிற்பதுபோல் தெரியும். இப்படி இரண்டு கோடுகளில் வரைந்து காட்டக்கூடிய உருவம்தான் இணையக் கடையின் விரல்நுனி அளவுப் படத்திலும் அடையாளம் தெரியும்.

இந்தக் கருத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: சுவர் உயர உயரத் தலைப்பின் இடத்தை இரண்டாகக் கிழித்துவிடும். ஆகவே சுவர் மேசைக்கு மேல் நான்கைந்து வரிசைச் செங்கல்லோடு நின்றுவிட வேண்டும். கட்டி முடியாத சுவர் கதைக்கும் பொருந்துகிறது. பிரிவு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று அது சொல்கிறது. பல செயலிகள் ஆங்கிலக் குறிப்பை இன்னும் துல்லியமாகப் பின்பற்றுவதால் பிராம்ப்ட்டை ஆங்கிலத்திலேயே தருகிறேன்:

```
Long bare plank table seen from its side, wide distant view,
placed low in the bottom third. An unfinished brick wall, one
brick thick, cuts through the middle of the table and stops a
few bricks above it; half the table shows on each side.
Everything above is plain pale ochre, even light, faint paper
grain. Gouache painting, muted colours, vertical 2:3.
```

இதில் சில சொற்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். ‘சாப்பாட்டு மேசை’ என்றால் தட்டுகளும் நாற்காலிகளும் தாமாக வந்து சேரும். சகோதரர்களைக் குறிப்பிட்டால் இரண்டு மனிதர்கள் வந்து நிற்பார்கள். பின்னணியைச் ‘சுண்ணாம்புச் சுவர்’ என்று எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரே பிராம்ப்ட்டில் இரண்டு சுவர்கள் இருந்தால் செங்கல் பின்னணிக்குத் தாவிவிட வாய்ப்புண்டு என்பதால் நிறத்தை மட்டும் சொன்னேன்.

குறைந்தது எட்டுப் படங்களாவது எடுத்துப் பாருங்கள். சுவர் மேசையை ஊடறுக்காமல் அதன் பின்னால் நிற்பதுதான் அதிகம் நேரக்கூடிய பிழை. அப்படி வந்தால், மேசையின் இரு பாதிகளும் சுவரின் இருபுறமும் தெரிகின்றன என்ற பகுதியைப் பிராம்ப்ட்டின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்னால் வரும் சொற்களுக்குப் பல செயலிகள் கூடுதல் எடை கொடுக்கின்றன. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

படம் கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்பதை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். தலைப்பை அதன்மேல் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். தலைப்பைச் செயலியிடம் எழுதச் சொல்லாமல், பக்க வடிவமைப்பு மென்பொருளில் எழுத்துருவைக் கொண்டு நீங்களே வைக்க வேண்டும். தமிழ்த் தலைப்புக்கு இங்கே ஒரு தனித்தேவை இருக்கிறது. நம் சொற்கள் நீளமானவை, அட்டையில் அவற்றை நடுவில் உடைத்தால் பார்க்க நன்றாக இராது; அதோடு ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் வளைவு மேலேயும் ‘பு’, ‘சு’ போன்றவற்றின் வால் கீழேயும் நீள்வதால், இரண்டு வரித் தலைப்புக்கு வரியிடைவெளி தாராளமாக வேண்டும். ஆகவே மூலையில் சதுரமாகக் கிடைக்கும் வெற்றிடம் போதாது. அட்டையின் அகலம் முழுவதும் ஓடும் பட்டையான வெற்றிடமே வேண்டும். மேசையைக் கீழே இறக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். தலைப்பை வைத்தபின் படத்தை 150 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி, கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எழுத்து பின்னணியில் கரைந்தால், எழுத்தின் நிறத்தை மாற்றுவதைவிடப் பின்னணியை இன்னும் வெளிறச் செய்வதே நல்லது.

அச்சுக்கு அனுப்பும்முன் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 6 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உள்ள முன்னட்டைக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 1800 × 2700 பிக்சல் வேண்டும். வெட்டுக்காக ஓரங்களில் விடும் 3 மில்லிமீட்டர் இதற்கு மேல். செயலி 1024 × 1536 அளவில் தந்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 170 பிக்சல்தான் கிடைக்கும். பெரிதாக்கும் மென்பொருளில் வெற்றுப் பின்னணி தாக்குப்பிடிக்கும். மரத்தின் வரிகளும் செங்கல்லின் விளிம்புகளும்தான் மெழுகுபோல் வழுவழுப்பாகிவிடும், அங்கேதான் உருப்பெருக்கிப் பார்க்க வேண்டும். பிராம்ப்ட்டில் காகிதத் துகள்தன்மையைக் கேட்டதும் அச்சை எண்ணித்தான்: மிகச் சீரான வெளிர்நிறப் பரப்பு அச்சில் பட்டை பட்டையாகத் தெரிய வாய்ப்புண்டு, மெல்லிய துகள் அதை மறைத்துவிடும். மேசைக் கால்கள் சமமாக இருக்கின்றனவா, செங்கல் வரிசைகள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றனவா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே சரிபாருங்கள். அங்கே பிழை இருந்தால் படத்தை ஓவியரிடம் மாதிரியாகக் கொடுத்து, அதே அமைப்பில் புதிதாக வரைந்து வாங்கிக்கொள்ளலாம்.