சீட்டுக் கம்பெனி பெயரில் 'பேங்க்', 'கேரண்டி'

"டர்பனில் 12 பேர் சீட்டை கம்பெனியாகப் பதியப் போகிறோம். 'அபயம் கேரண்டி சேவிங்ஸ் பேங்க்' என்று வைத்தால் நம்பிக்கை வருமா?"

'பேங்க்', 'கேரண்டி' இரண்டையும் எடுத்துவிடுங்கள். 'அபயம்' இருக்கட்டும், அழகான சொல். உரிமம் இல்லாதவர் பெயரில் 'பேங்க்' போடுவதை தென்னாப்பிரிக்காவின் 1990 வங்கிச் சட்டமே தடுக்கிறது.

'கேரண்டி'யில் சிக்கல் வேறு. மாதம் ஆளுக்கு 1,000 ரேண்ட், சீட்டு 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் எடுத்தவர் இரண்டு தவணை கட்டிவிட்டு நின்றால் 10,000 ரேண்ட் குறைகிறது. அதை யார் போடுவது? பதில் 'யாருமில்லை' என்றால் அந்தச் சொல் பொய். வங்கி டெபாசிட்டுக்கு 2024 முதல் 1,00,000 ரேண்ட் வரை காப்பு உண்டு, சீட்டுக்கு அது கிடையாது. 'இன்ஷூர்டு', 'செக்யூர்டு' என்றாலும் கேட்பவர் அதைத்தான் நினைப்பார்.

உங்களால் காட்ட முடிவதைப் பெயராக்குங்கள். மாதாமாதம் கணக்கு எல்லோருக்கும் போகிறதா? 'அபயம் திறந்த ஏடு சீட்டுக் குழு' போதும். பிறகு சீட்டைப் பற்றித் தெரியாத உறவினர் ஒருவரிடம் பெயரை மட்டும் சொல்லி, "பணம் போனால் யார் தருவார்கள்?" என்று கேளுங்கள். "கம்பெனி தரும்" என்றால் பெயரை மாற்றுங்கள்.

இன்னொன்று, கம்பெனிகளைப் பதியும் CIPC உங்கள் பெயரை ஏற்றுக்கொண்டால் அது பணம் வாங்க அனுமதி ஆகாது. சீட்டு போன்ற சேமிப்புக் குழுக்களுக்கு, அதாவது ஸ்டோக்வெல்களுக்கு, வங்கிச் சட்டத்திலிருந்து கிடைக்கும் விலக்கு தமக்குள் ஏதாவது பிணைப்புள்ள குழுவுக்குத்தான். முன்பின் தெரியாதவர்களைச் சேர்ப்பதானால் முதலில் வக்கீலைப் பாருங்கள்.