அப்பாவின் புகாருக்கு மகள் போகலாமா?

"அப்பாவுக்கு 78 வயது. கோயம்புத்தூர் கடையில் 46,000 ரூபாய்க்கு வாங்கிய காது மெஷின் மூன்றே வாரத்தில் பழுதாகிவிட்டது. பக்கவாதத்தால் அவர் அலைய முடியாது. அவருக்காக நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? ஏஜென்ட் ஒருவர் 'பவர்' எழுத 3,500 ரூபாய் கேட்கிறார்."
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

போகலாம். அந்த 3,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். பவர் பத்திரம் சொத்து விவகாரத்துக்கு வேண்டியது. இதற்கு வெள்ளைத்தாளில் ஓர் அதிகாரக் கடிதம் போதும். கோயம்புத்தூருக்கும் போக வேண்டாம். அப்பா குடியிருக்கும் பாலக்காடு மாவட்ட ஆணையத்திலேயே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்கலாம். வாங்கிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை.

கடிதத்தில் அப்பா பெயர், வயது, முகவரி, உங்கள் பெயர், உறவு, பில் எண், தேதி எல்லாம் இருக்கட்டும். "இந்தப் புகாரைத் தாக்கல் செய்யவும், ஆவணங்கள் கொடுக்கவும், விசாரணைக்கு வரவும் என் மகளுக்கு அதிகாரம் தருகிறேன்" என்று எழுதுங்கள். சமரசம் பேசவும் பணம் வாங்கவும் அதிகாரம் உண்டா என்பதைத் தனி வரியில் சொல்லிவிடுங்கள். புகார்தாரர் அப்பாதான். பலர் தம் பெயரையே போட்டுவிடுகிறார்கள். "வாங்கியவர் நீங்கள் இல்லையே" என்று கடைக்காரரின் வக்கீல் முதல் நாளே பிடித்துக்கொள்வார்.

வலது கை வரவில்லையென்றால் இடது பெருவிரல் ரேகை போதும். ஆனால் வெறும் ரேகையோடு விடாதீர்கள். "தமிழில் படித்துக் காட்டினோம், புரிந்துகொண்டு ரேகை வைத்தார்" என்று எழுதி, வீட்டார் அல்லாத இரண்டு பேர் முகவரியோடு கையெழுத்திட வேண்டும். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் இந்த வரி இன்னும் அவசியம். கடையில் நடந்ததை நேரில் கண்டவர் அப்பா. ஆகவே அந்த விவரங்களுக்கான அஃபிடவிட்டும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். நோட்டரியை அதற்கு மட்டும் வீட்டுக்கு அழையுங்கள். அப்பாவுக்கு நினைவு தடுமாறினால் மட்டும் இந்தக் கடிதம் செல்லாது. அது வேறு வழி.

இனி ஏஜென்ட் கதை. என்னிடம் வந்த ஒரு பெரியவரின் கடிதத்தைப் படித்தேன். 'அதிகாரம் பெற்றவர்' என்ற இடத்தில் மகன் பெயர் இல்லை, எழுதிக்கொடுத்தவரின் பெயர்! சமரசத் தொகையை வாங்கும் அதிகாரமும் அவருக்கே. வெற்றுத்தாளில் ரேகை வாங்கியிருக்கிறார். ஆகவே எழுதி முடிக்காத தாளில் அப்பாவின் விரலை வைக்கவே விடாதீர்கள்.

கவுண்டரில் "பவர் இல்லாமல் எடுக்க மாட்டோம்" என்று திருப்பி அனுப்புவதும் நடக்கும். எனக்கே அலுத்துவிட்டது. "சரி, அதை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள், தாளை வாங்கிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் நுகர்வோர் புகாருக்கான அரசின் e-Jagriti இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். பழுது தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கலாகிவிட வேண்டும்.