ஒரே வளவு, இரண்டு படங்கள்: வேலைக்கு முன்னும் பின்னும் கோணமும் வெளிச்சமும் மாறாமல் எடுப்பது

வினா: காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சும் பெயிண்டிங்கும் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். வேலைக்கு முன்னும் பின்னும் கைபேசியில் எடுத்த படங்களை அருகருகே வைத்தால் இரண்டும் வேறு வேறு வீடு மாதிரி இருக்கின்றன. ஒரு வீட்டுக்காரர், ‘இது நம்ம வளவுதானா?’ என்று கேட்டுவிட்டார். ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுப்பது எப்படி?

விடை: கோணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். படத்தில் பொருள்கள் ஒன்றுக்கொன்று எந்த இடத்தில் அமைகின்றன என்பதைத் தீர்மானிப்பது லென்ஸ் அன்று, கேமரா நிற்கும் இடமே ஆகும். சட்டகம் சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ அமைந்துவிட்டால் பிறகு வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம். நின்ற இடம் தவறிவிட்டால் எந்தத் திருத்தமும் அதை மீட்டுத் தராது. வளவில் இந்தத் தவறு கண்ணுக்கு உடனே படும், ஏனெனில் அங்கே கண்ணுக்கு அருகில் தூணும் முற்றத்திற்கு அப்பால் சுவரும் எப்போதும் சேர்ந்தே தெரிகின்றன. தெற்குத் தாழ்வாரத்தில் நின்று வடக்குச் சுவரைப் படம் எடுக்கிறீர்கள் என்று கொள்வோம். தூண் உங்களிடமிருந்து 4 அடியிலும், சுவரில் உள்ள கதவு 28 அடியிலும் இருக்கின்றன. நீங்கள் அரை அடி வலப்புறம் நகர்ந்தால் போதும், அந்தத் தூண் எதிர்ச் சுவரின் மேல் 3 அடி இடப்புறம் தள்ளிப்போனது போலத் தெரியும். முதல் படத்தில் கதவின் நிலையைத் தொட்டு நின்ற தூண், இரண்டாவது படத்தில் கதவை விட்டு வெகுவாக விலகியிருக்கும். வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருந்திருக்கும்.

இதைத் தவிர்ப்பதற்கான அளவுகோல் உங்கள் காலடியிலேயே இருக்கிறது. ஆத்தங்குடிப் பூக்கற்கள் ஒரே அளவில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருப்பதால், தரையே கட்டம் போட்ட வரைபடமாகப் பயன்படும். முக்காலியின் நடுவிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது எந்தக் கல்லின் மேல் நிற்கிறது என்று பாருங்கள். ‘இடப்புறத் தூணின் அடிக்கல்லிலிருந்து தெற்கே ஆறாவது கல், கிழக்கே இரண்டாவது கல், கல்லின் நடு’ என்று வேலைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எட்டு அங்குலக் கல்லானால் ஆறு கல் என்பது சரியாக 4 அடி. தரையில் சுண்ணக்கட்டியால் குறியிடுவதைவிட இது நம்பகமானது. கொத்தனார் வேலை நடக்கும் இடத்தில் எந்தக் குறியும் ஒரு வாரம்கூடத் தங்காது.

உயரத்தையும் அளந்து எழுத வேண்டும். லென்ஸின் நடு தரையிலிருந்து 5 அடி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான அறைகளுக்குப் பொருந்தும். தரையையும் மாற்றியமைக்கும் வேலையானால் புதிய தளம் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ உயர்ந்துவிடும் என்பதால், தரையிலிருந்து அளக்காமல் மாறாத வாசற்படிக் கல்லிலிருந்து அளந்துகொள்ளுங்கள். கேமராவை மேலோ கீழோ சாய்க்காமல் மட்டமாக வைக்க வேண்டும்; சாய்த்தால் தூண்கள் ஒன்றையொன்று நோக்கிச் சரிந்து நிற்கும், அதே சரிவை அடுத்த முறை கொண்டுவருவது மிகக் கடினம். கைபேசியில் 1x லென்ஸையே இரண்டு முறையும் பயன்படுத்துங்கள். முழு வளவும் அடங்க வேண்டும் என்று 0.5x லென்ஸுக்குப் போனால் ஓரத்துத் தூண்கள் விரிந்து தெரியும், சிறிய முற்றம் பெரிய மைதானம் போல் ஆகிவிடும்.

‘பின்’ படம் எடுக்கும் நாளில், ‘முன்’ படத்தை இன்னொரு கைபேசியில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூசப்படாத, மாறாத பொருள்களில் இரண்டு சந்திப்புகளைத் தேடுங்கள். அருகிலுள்ள தூணின் வலது விளிம்பு தூரத்துக் கதவு நிலையை எந்த இடத்தில் தொடுகிறது என்பது ஒன்று. தூணின் அடிக்கல்லின் மேல்விளிம்பு முற்றத்தின் ஓரக்கல்லை எங்கே வெட்டுகிறது என்பது மற்றொன்று. முதலாவது இடவல நிலையைச் சொல்லும், இரண்டாவது உயரத்தைச் சொல்லும். இரண்டும் பொருந்தும் வரை முக்காலியை அங்குலம் அங்குலமாக நகர்த்துவதற்குப் பத்து நிமிடம் ஆகலாம், அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

வெளிச்சம் இதைவிடக் கடினமானது. தொடக்க நாள்களில் கடிகாரத்தை மட்டும் நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஜனவரி 10 அன்று காலை 10 மணிக்கு ‘முன்’ படத்தை எடுத்துவிட்டு, வேலை முடிந்த மே 20 அன்று அதே 10 மணிக்கு அதே கல்லின் மேல் நின்றேன். ஜனவரிப் படத்தில் வடக்குச் சுவரின் மேல் குறுக்காக வெயில் விழுந்து, ஒவ்வொரு விரிசலும் உரிசலும் நிழலோடு எடுப்பாகத் தெரிந்தது. மே மாதத்தில் அந்தச் சுவரில் வெயிலே இல்லை. பூச்சு உண்மையில் நன்றாக அமைந்திருந்தும், விரிசலைப் பெரிதுபடுத்திக் காட்டிவிட்டுப் பிறகு மறைத்தது போல அந்த இணை தோன்றியதால், அதை நான் யாருக்கும் காட்டவில்லை.

காரணம் இடத்தைப் பொறுத்தது. காரைக்குடி ஏறக்குறைய 10 பாகை வடக்கு அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் உச்சிக்கு நேராக வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்கு வடக்கேயும், மற்ற மாதங்களில் தெற்கேயும் நிற்கிறது. ஜனவரி 10 அன்று காலை 10 மணிக்குச் சூரியன் தென்கிழக்கில் 43 பாகை உயரத்தில் இருக்கும். மே 20 அன்று அதே உயரம் வேண்டுமானால் 9 மணிக்கே எடுக்க வேண்டும், அப்போதும் சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே இருக்கும். உயரத்தைப் பொருத்தலாம், திசையைப் பொருத்த முடியாது. ஜூன் 21 அல்லது டிசம்பர் 21 ஆகிய நாள்களுக்கு இருபுறமும் சம தொலைவில் உள்ள நாள்களில் மட்டுமே சூரியன் ஏறக்குறைய அதே பாதையில் போகிறது. மே 20-இல் தொடங்கிய வேலை ஜூலை 23 வாக்கில் முடிந்தால் வெயிலும் ஒத்துவரும், ஆனால் வேலைகள் பஞ்சாங்கம் பார்த்து முடிவதில்லை.

ஆகவே நேர்வெயிலைப் படத்திலிருந்து முற்றிலும் நீக்கிவிடுவதே நான் கடைப்பிடிக்கும் வழி. வளவுக்குள் எடுக்கும் படத்தைச் சூரிய உதயத்திற்குப் பிறகு 45 நிமிடம் கழித்து எடுக்கிறேன். ஜனவரியில் அது ஏறத்தாழ 7.20 மணி, மே மாதத்தில் 6.40 மணி. அப்போது சூரியன் தாழ்வாக இருப்பதால் கிழக்குக் கட்டின் கூரை அதை மறைத்துவிடும். முற்றத்தின் வழியே வானத்தின் பொது வெளிச்சம் மட்டும் இறங்கும், அதற்குத் திசை மாற்றம் மிகக் குறைவு. முகப்பைப் பொறுத்தவரை, கிழக்கு பார்த்த வீடானால் உச்சிவேளை கடந்ததும் முகப்பு தன் நிழலுக்குள் வந்துவிடும், எந்த மாதமானாலும். பிற்பகல் 1.30 முதல் 2.30 வரை எடுக்கலாம். அதற்கு மேல் தாமதித்தால் வீட்டின் பின்னாலிருந்து சூரியன் லென்ஸுக்குள் நேராகப் பாயும். மேற்கு பார்த்த வீட்டுக்குக் காலை நேரம் பொருந்தும். இரண்டு நாள்களிலும் வானம் ஒரே தன்மையில், இரண்டுமே தெளிவாகவோ இரண்டுமே மேகமூட்டமாகவோ இருக்க வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, முதல் முறை எந்தக் கதவுகள் திறந்திருந்தனவோ அவற்றையே மீண்டும் திறந்து வையுங்கள்.

அடுத்து, கைபேசியே செய்யும் குளறுபடி. தானியங்கி முறை எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்திற்குக் கொண்டுவர முயலும். கரி படிந்த பழைய சுவரைக் கண்டால் வெளிச்சத்தைக் கூட்டி வெளுப்பாக்கும்; முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய புதுச் சுவரைக் கண்டால் வெளிச்சத்தைக் குறைத்துச் சாம்பலாக்கும். அதாவது, நீங்கள் உழைத்துக் கொண்டுவந்த வேறுபாட்டை இருபக்கமும் தின்றுவிடும். நிறத்திலும் இப்படித்தான்: மஞ்சள் அடித்த சுவரின் மஞ்சளைக் குறைக்கப் பார்க்கும். எனவே புரோ முறைக்குச் சென்று, ISO, ஷட்டர் வேகம், WB மூன்றையும் நீங்களே வைத்து, எண்களை எழுதிக்கொள்ளுங்கள். HDR, இரவுப் பயன்முறை, காட்சியை மெருகூட்டும் வசதி ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள். காலை வெளிச்சம் குறைவு என்பதால் ISO 100-க்கு ஷட்டர் 1/15 அளவுக்குக் கூடப் போகலாம், ஆகவே முக்காலியும் டைமரும் கட்டாயம் வேண்டும்.

இரண்டு நாள்களின் வான வெளிச்சம் எண்ணளவில் ஒன்றாக இருக்காது என்பதால், ஒரு நடுநிலைச் சாம்பல் அட்டையை இரண்டு முறையும் வைத்து ஒப்பிட வேண்டும். அட்டையை எங்கே வைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். சுவருக்கு அருகிலோ தூணின் மேலோ வைத்தால், புதிதாக வெளுத்த சுவர் தன் வெளிச்சத்தை அதன் மேல் திருப்பி வீசும். அட்டை இரண்டு படங்களிலும் ஒத்துவரும்படி ஷட்டரைச் சரிசெய்தால், பூச்சினால் வளவு முழுவதும் அடைந்த வெளிச்சத்தையே நீங்கள் குறைத்துக்கொள்வீர்கள். அட்டையை முற்றத்தின் நடுவில், வானத்தைப் பார்த்தபடி கிடையாக வைத்து ஒரு சோதனைப் படம் எடுத்து, அதில் அட்டையின் அடர்த்தி இரண்டு நாள்களிலும் ஒன்றாக வரும்படி ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். அதன் பிறகு தாழ்வாரத்துத் தேக்குத் தூண்கள் ‘பின்’ படத்தில் சற்றுப் பளிச்சென்று தெரிந்தால், அது உங்கள் வேலையின் உண்மையான பயன். அதைக் குறைக்க வேண்டாம்.

பூச்சின் மேடுபள்ளத்தைச் சரிசெய்ததைத்தான் காட்ட வேண்டும் என்றால் இந்தப் பொது வெளிச்சம் போதாது. அதற்குத் தனியாக ஓர் இணையை இரவில் எடுங்கள். ஓர் எல்இடி ஃப்ளட் லைட்டைச் சுவரிலிருந்து ஒரு கல் தள்ளி, சுவரை ஒட்டி வெளிச்சம் சறுக்கிச் செல்லும்படி வைத்து, விளக்கு நின்ற கல்லையும் அதன் உயரத்தையும் குறித்துக்கொண்டால், எந்த மாதத்திலும் அதே வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். ‘முன்’ படத்திற்கு மட்டும் இந்தச் சறுக்கு வெளிச்சத்தைப் பயன்படுத்திவிட்டு, ‘பின்’ படத்தை நேர்முகமாக விளக்கு போட்டு எடுப்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும், அதைச் செய்யாதீர்கள். சுண்ணாம்பு காயக் காயத்தான் வெளுக்கும் என்பதால், சாரம் பிரித்த அன்றே எடுக்காமல் சுவர் முழுக்க உலர்ந்து திட்டுத்திட்டான ஈரநிறம் மறைந்த பிறகு எடுங்கள்.

குறிப்பு எதுவும் இல்லாமல் ஏற்கெனவே எடுத்துவிட்ட ‘முன்’ படங்களுக்கும் வழி உண்டு. படத்தில் தெரியும் தூணையும் கதவு நிலையையும் கொண்டு மேலே சொன்ன சந்திப்புகளைக் கண்டுபிடித்தால் நின்ற இடம் கிடைத்துவிடும். படக் கோப்பின் விவரங்களில் தேதியும் நேரமும் பெரும்பாலும் ISO-வும் ஷட்டரும் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய பிரதியில் அவை அழிந்திருக்கும் என்பதால், எடுத்த கைபேசியிலுள்ள மூலக் கோப்பையே பாருங்கள். அந்தப் படத்தில் சுவரின் மேல் நேர்வெயில் விழுந்திருந்தால், அந்த வெயில் திரும்பி வரும் நாளைக் கணக்கிட்டுக் காத்திருங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் வெயில் படாத வேறொரு மூலையின் படத்தை இணைக்குத் தேர்ந்தெடுங்கள்.