பிரம்மச்சாரியும் புதன் கோளும்

கேள்வி: ‘பிரம்மச்சாரி என்பவன் திருமணமாகாதவன்’ என்ற வாக்கியம் சொற்பொருளாலேயே உண்மை, உலகத்தைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டியதில்லை. ‘பிரம்மச்சாரிகள் தாமதமாகத் தூங்குகிறார்கள்’ என்பதைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். இவ்வளவு தெளிவான வேறுபாட்டைக் குவைன் மறுத்தார் என்று படித்தேன். இது சொற்சிலம்பம்தானே? எதையும் திருத்தலாம் என்றால், எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளலாமே?
— தத்துவ மாணவர் ஒருவர், திருச்சி

பதில்: ஆங்கில நூல்களில் வரும் ‘பேச்சலர்’ என்ற எடுத்துக்காட்டை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்ததில் ஒரு சிக்கல் நேர்ந்துவிட்டது. காந்தி 1906-இல் தென்னாப்பிரிக்காவில் பிரம்மச்சரிய விரதம் ஏற்றார். அதற்குப் பின் 1944-இல் கஸ்தூர்பா இறக்கும் வரை அவர் திருமணமானவர்தான். ‘அது அந்தச் சொல்லின் வேறு பொருள்’ என்று நீங்கள் உடனே சொல்வீர்கள், நானும் மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு சொல்லுக்கு இங்கே ஒரு பொருள், அங்கே வேறு பொருள் என்று எதைக் கொண்டு முடிவு செய்தீர்கள்? ‘பிரம்மச்சாரி திருமணமாகாதவன்’ என்ற வாக்கியத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் பொருளை இரண்டாகப் பிரித்தீர்கள் என்றால், அந்த வாக்கியத்தை உண்மையாக்கியது பொருளா, அதை விட்டுக்கொடுப்பதில்லை என்ற உங்கள் தீர்மானமா?

அமெரிக்கத் தத்துவவாதி வில்லர்ட் வான் ஆர்மன் குவைன் 1951-இல் வெளியிட்ட ‘அனுபவவாதத்தின் இரு வறட்டுக் கோட்பாடுகள்’ என்ற கட்டுரையின் முதற்பகுதி இந்த இடத்தைத்தான் தோண்டுகிறது. பொருளால் மட்டுமே உண்மையானவை பகுப்பு வாக்கியங்கள், உலகம் இருக்கும் விதத்தால் உண்மையானவை தொகுப்பு வாக்கியங்கள் என்ற பிரிவு கான்ட் காலத்திலிருந்து வருவது. குவைனின் ஆசானாகவே இருந்த கார்னாப் அதன்மேல்தான் தம் தத்துவத்தைக் கட்டியிருந்தார். குவைன் கேட்டது எளிய கேள்வி: பகுப்பு வாக்கியம் என்றால் என்ன? ஒரே பொருள் கொண்ட சொற்களை மாற்றி வைத்தால், ‘திருமணமாகாதவன் திருமணமாகாதவன்’ என்பதுபோல் வடிவத்தாலேயே பொய்யாக முடியாத தருக்க உண்மையாகிவிடுவது என்பார்கள். ஒரே பொருள் என்றால்? எந்த வாக்கியத்திலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தாலும் உண்மை கெடாதிருப்பது என்பார்கள். ஆனால் இதயம் உள்ள உயிரினங்களும் சிறுநீரகம் உள்ள உயிரினங்களும் ஒரே கூட்டம்தான் என்று வைத்துக்கொண்டால், அந்த இரு தொடர்களையும்கூடச் சாதாரண வாக்கியங்களில் மாற்றி வைக்கலாம். அதற்காக இரண்டுக்கும் ஒரே பொருள் என்று யாரும் சொல்லமாட்டோம். இவற்றைப் பிரிக்க ‘கட்டாயமாக’ என்ற சொல் வரும் வாக்கியங்களிலும் மாற்றிப் பார்க்க வேண்டும்; ‘கட்டாயமாக உண்மை’ என்றால் என்ன என்று கேட்டால், பகுப்பால் உண்மை என்ற பதிலே திரும்பி வருகிறது. அகராதியும் துணைக்கு வராது, ஏனென்றால் அகராதிக்காரர் மக்கள் எந்தச் சொற்களை ஒரே பொருளில் வழங்குகிறார்கள் என்று பார்த்து எழுதியவர்; ஒரே பொருள் என்பது என்ன என்று அவர் சொல்லவில்லை. ஒரு நீண்ட தொடருக்குப் பதிலாகப் புதுச் சுருக்கக் குறி ஒன்றை நாமே இன்று உண்டாக்கினால் அது விதிவிலக்கு என்று குவைனே ஒப்புக்கொள்கிறார். ஆனால் நம் மொழியில் எத்தனை சொற்கள் அப்படிப் பிறந்தவை?

இதுவரை சொன்னதைச் சொற்சிலம்பம் என்று நீங்கள் ஒதுக்கினாலும் எனக்குப் பெரிய வருத்தமில்லை. வட்டமாகச் சுற்றுவதாலேயே ஒரு கருத்து பொய்யாகிவிடாது என்று தத்துவவாதிகள் கிரைசும் ஸ்ட்ராசனும் 1956-இல் பதில் எழுதினார்கள். அதில் நியாயம் உண்டு. குவைனின் வலு கட்டுரையின் இறுதியில் இருக்கிறது. நம் நம்பிக்கைகள் தனித்தனியே அனுபவத்தின்முன் நின்று பதில் சொல்வதில்லை, கூட்டமாகவே நிற்கின்றன என்கிறார். பியர் துயெம் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் தம் துறையைப் பற்றி முன்பே சொன்னதைக் குவைன் கணிதத்துக்கும் தருக்கத்துக்கும் சேர்த்து விரித்தார். நம்பிக்கைகள் ஒரு வலை. அதன் ஓரம் மட்டுமே அனுபவத்தைத் தொடுகிறது. ஓரத்தில் ஏதேனும் இடித்தால் உள்ளே எங்காவது ஓர் இழையை மாற்ற வேண்டும். எந்த இழை என்று அனுபவம் சொல்லித் தருவதில்லை.

இதை வானியலில் பாருங்கள். யுரேனஸ் கணித்த பாதையிலிருந்து விலகியபோது, நியூட்டனை விட்டுவிடாமல், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பியபோது, கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. அதே லெவெரியே 1859-இல் புதன் கோளைக் கணக்கிட்டார். சூரியனுக்கு மிக அருகில் வரும் அதன் பாதைப் புள்ளி, மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும், நூற்றாண்டுக்கு 38 விகலை கூடுதலாக நகர்ந்தது. பின்னர் நியூகோம்ப் என்ற வானியலாளர் அதை 43 என்று திருத்தினார். ஒரு பாகையில் 3600 விகலை. இந்த வேகத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகள் ஆகும். அவ்வளவு சிறிய இடிப்பு.

லெவெரியே பழைய வழியிலேயே போனார்: சூரியனருகே இன்னொரு கோள் இருக்கிறது என்றார், அதற்கு வல்கன் என்று பெயரும் வந்துவிட்டது. கிரகணங்களின்போது தேடினார்கள், கண்டதாகச் சொன்னவர்களும் உண்டு, ஆனால் உறுதிப்படவில்லை. கோளுக்குப் பதில் தூசிப்படலம் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். 1894-இல் வானியலாளர் ஆசஃப் ஹால் நியூட்டனின் விதியையே தொட்டார்: ஈர்ப்பு தொலைவின் 2-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது என்பதை 2.00000016 அடுக்கு என்று மாற்றினால் புதன் சரியாகிவிடும் என்றார். புதன் சரியானது. ஆனால் அதே திருத்தத்தை நிலவின் இயக்கத்தில் வைத்தபோது, துல்லியமாக அறியப்பட்டிருந்த அந்தக் கணக்கு கெட்டது. ஒரு திருத்தம் நல்லதா என்று தெரிந்துகொள்ளும் வழி இதுதான்: இடித்த இடத்தில் அது பொருந்துகிறதா என்பதோடு, வலையின் வேறு பக்கத்தில் எதைக் கிழிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ‘எதை வேண்டுமானாலும் நம்பலாமே’ என்று கேட்டீர்களே, ஹால் செய்து பார்த்தது அதைவிட எவ்வளவோ அடக்கமானது. ஏழாவது தசம இடத்தில் கைவைத்ததற்கே நிலவு ஒத்துழைக்கவில்லை.

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் 43 விகலையைப் பெற்றார். அதற்கு அவர் புதிய கோள் எதையும் சேர்க்கவில்லை; வலையின் நடுவில், யாரும் தொடத் துணியாத வடிவகணிதத்தைத் தொட்டார். சூரியனருகே யூக்ளிடின் வடிவகணிதம் செல்லாது என்றார். இங்கே உங்கள் எதிர்வாதம் எனக்கு முன்கூட்டியே கேட்கிறது: ‘ஐன்ஸ்டைன் நேர்கோடு என்ற சொல்லின் பொருளை மாற்றிவிட்டார், அவ்வளவுதான், பழைய பொருளில் பழைய வாக்கியங்கள் இன்னும் உண்மையே.’

சரி, பழைய பொருள் எது? 1915-க்கு முன் ஒரு கணித ஆசிரியரிடம் கேட்டிருந்தால், நேர்கோடு என்பது இரு புள்ளிகளுக்கு இடையே அளவுகோலால் அளந்தால் கிடைக்கும் மிகக் குறுகிய வழி என்றிருப்பார். நில அளவையாளர் வெற்றிடத்தில் ஒளி செல்லும் வழி என்றிருப்பார், அவர் கருவியே அதை நம்பித்தான் இருக்கிறது. யூக்ளிடைப் படித்தவர், ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு இணையாக ஒன்றே ஒன்றுதான் வரையக்கூடிய கோடு என்றிருப்பார். மூன்றும் ஒன்றாகவே இருந்ததால், எது பொருள் விளக்கம், எது உலகத்தைப் பற்றிய செய்தி என்று பிரிக்க வேண்டிய தேவையே எழவில்லை. பிரிக்கும் அடையாளம் எதுவும் அந்த வாக்கியங்களுக்குள் இருக்கவும் இல்லை. சூரியனின் விளிம்பை ஒட்டி வரும் ஒளி 1.75 விகலை வளைய வேண்டும் என்று புதிய கோட்பாடு சொன்னது. 1919 மே 29 கிரகணத்தில் பிரேசிலின் சோப்ரலிலும் ஆப்பிரிக்கக் கரையருகே பிரின்சிபெ தீவிலும் எடுத்த படங்கள் அதன் பக்கமே பேசின. அதே கோட்பாட்டின்படி, அளவுகோலால் அளந்த மிகக் குறுகிய வழியும் சூரியனருகே ஒளியின் வழியோடு பொருந்தாது. இணைகோட்டு விதி இரண்டுக்குமே பொருந்தாது. மூன்று வாக்கியங்களும் பிரிந்து போயின. எதைப் ‘பொருள்’ என்று வைத்துக்கொள்வது என்பதை 1915-க்குப் பின் நாம் தேர்ந்தெடுத்தோம். முன்பே சொல்லுக்குள் எழுதி வைத்திருந்ததைக் கண்டெடுக்கவில்லை. ‘பொருள் மாறிவிட்டது’ என்று நீங்கள் சொல்லலாம், ‘கருத்து மாறிவிட்டது’ என்று நான் சொல்லலாம். நம் இருவரில் யார் சொல்வது சரி என்று காட்டும் சான்று ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறேன்.

யூக்ளிடை விடாமல் வைத்துக்கொள்ளவும் முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். வெளி தட்டையானதுதான், சூரியனருகே ஒரு விசை அளவுகோல்களைச் சுருக்குகிறது, ஒளியைத் திருப்புகிறது என்று வைத்துக்கொண்டால் எண்கள் எல்லாம் சரியாக வரும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்கரே அத்தகைய வழியை முன்பே காட்டியிருந்தார். ஆனால் அந்த விசை மரம், இரும்பு, ஒளி எல்லாவற்றையும் ஒரே அளவில் பாதிக்க வேண்டும், எந்தத் தடுப்பும் அதை நிறுத்தக் கூடாது, எந்தக் கருவியும் அதைத் தனியே காணக் கூடாது. ஓர் இழையைக் காப்பதற்கு இத்தனை முடிச்சுப் போட வேண்டியிருக்கிறது. தருக்கம் அதைத் தடுக்கவில்லை. விலை அதிகம் என்பதுதான் தடுத்தது. குவைன் எளிமை என்றும், முடிந்தவரை குறைவாகக் கலைப்பது என்றும் சொல்வது இந்த விலைப்பேச்சைத்தான். இதற்குச் சூத்திரம் இல்லை என்பது அவருடைய வலை உருவகத்தின் உண்மையான பலவீனம். உங்கள் கேள்வியை நீங்கள் அங்கே குறிவைத்திருக்கலாம்.

குவைனும் பிற்காலத்தில் கொஞ்சம் இறங்கி வந்தார். ஒரு மொழியைப் பேசுவோர் எல்லோரும் சொற்களைக் கற்கும்போதே உண்மை என்று கற்றுவிடும் வாக்கியங்களைப் பகுப்பு வாக்கியம் என்று அழைப்பதில் தடையில்லை என்று 1970-களில் எழுதினார். ஆகவே உங்கள் பிரம்மச்சாரியை, காந்தி ஒருபுறம் இருக்க, நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிக் கற்றோம் என்பது நாம் அந்த வாக்கியத்தைப் பெற்ற வழியைச் சொல்கிறதே தவிர, இனி அது திருத்தப்படாது என்று உறுதி தருவதில்லை. நேர்கோட்டையும் இணைகோட்டையும் நாம் பள்ளியில் ஒரே மூச்சில்தான் கற்றோம்.