ஜெர்மனியில் செவிலியர் அங்கீகாரம் கிடைக்கும் முன்பே வேலை தேடலாமா?

"பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு ஆண்டுகள் வார்டில் பணியாற்றியிருக்கிறேன். ஜெர்மனியில் அங்கீகாரம் வந்த பிறகுதான் வேலை தேட வேண்டுமா?"

வேண்டியதில்லை, முன்பே தேடுவதே நல்லது. அங்கீகாரத்தை வழங்குவது மாநில அலுவலகங்கள் என்பதால், எந்த மாநிலத்தில் வேலை என்பது தெரிந்தால்தான் எங்கே விண்ணப்பிப்பது என்பதும் தெளிவாகும்.

அந்த அலுவலகம் உங்கள் பாடத்திட்டத்தையும் பயிற்சி மணிநேரங்களையும் ஜெர்மன் படிப்போடு ஒப்பிட்டு, குறைகளைப் பட்டியலிட்டு ஓர் ஆணை அனுப்பும். அதை நிராகரிப்பு என எண்ணிப் பலர் கலங்குகிறார்கள்; உண்மையில் அதுவே அடுத்த படிக்கான அனுமதிச்சீட்டு. உதாரணமாக, முதியோர் பராமரிப்பில் மணிநேரம் குறைந்தால், அதை ஈடுசெய்யும் தழுவல் பயிற்சியையோ, வாய்மொழியும் செய்முறையும் கொண்ட அறிவுத் தேர்வையோ நீங்களே தேர்ந்தெடுக்கலாம். குறை ஓரிரு பாடங்களோடு நின்றால் பயிற்சியே எளிது என்பது என் கருத்து.

முழு அங்கீகாரம் கிடைக்கும்வரை, அதைப் பெறுவதற்கான விசாவில் சென்று செவிலிய உதவியாளராகப் பணியாற்றலாம், சம்பளம் குறைவு. ஆகவே, அங்கீகாரத்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, பயிற்சிச் செலவு யாருடையது, பாதியில் விலகினால் எதைத் திருப்பித் தர வேண்டும் என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். முழு அங்கீகாரத்துக்குப் பொதுவாக பி2 நிலை ஜெர்மன் மொழிச் சான்றும் தேவை.