ஒரே ஓவர்டைமை இரண்டு முறை எண்ணி, அதை நம்பி மச்சானுக்குக் கார் லோனா?

"ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை மில்லில் வேலை. மாதச் சம்பளம் 2,080 வெள்ளி. வேலைக் கடிதத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை 8 மணி நேரம், சனிக்கிழமை 5 மணி நேரம். போன வாரம் திங்கள் 10, வியாழன் 11, சனி 8, மற்ற நாள் 8, ஆக 53 மணி நேரம். நாள் கணக்கில் 8, வாரக் கணக்கில் 45ஐத் தாண்டியது 8, மொத்தம் 16 மணி நேரம் ஓவர்டைம் வரவேண்டும். கிராணி 8தான் போட்டிருக்கிறார். முந்தின வாரமும் இதே மாதிரி வேலைதான், புதன் மட்டும் லீவு. அதற்கு ஓவர்டைமே இல்லை என்கிறார். ஓவர்டைமை நம்பி மச்சானுக்கு என் பேரில் கார் லோன் எடுக்க ஒத்துக்கொண்டேன், மாதம் 620 வெள்ளி. கையெழுத்துப் போடலாமா?"

தம்பி, கையெழுத்தை நிறுத்தி வையுங்கள். போன வாரக் கணக்கில் கிராணி சொல்வது சரி, முந்தின வாரக் கணக்கில் அவர் சொல்வது தப்பு.

முதலில் போன வாரம். நாள் கணக்கை முதலில் முடிக்க வேண்டும், அப்புறம்தான் வாரக் கணக்கு. திங்கள் 2, வியாழன் 3, சனிக்கிழமை 5க்கு மேல் போன 3, ஆக 8 மணி நேரம் ஓவர்டைம். இந்த 8ஐ 53இலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சம் 45. வார வரம்பும் 45. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, கணக்கு அங்கேயே முடிந்தது. நீங்கள் 53இலிருந்து 45ஐக் கழித்து எடுத்த 8 மணி நேரம் வேறு எங்கிருந்தும் வரவில்லை, திங்களும் வியாழனும் சனியும் கூடுதலாக நின்ற அதே நேரம்தான். ஒரே மணி நேரத்துக்கு இரண்டு தடவை காசு எந்தச் சட்டத்திலும் கிடையாது.

இப்போது லீவு எடுத்த வாரம். 10, 8, லீவு, 11, 8, 8, கூட்டினால் சரியாக 45. கிராணி அந்த மொத்தத்தைப் பார்த்து "45ஐத் தாண்டவில்லையே" என்று மூடிவிட்டார். பல இடங்களில் ஆட்கள் காசை இழப்பது இங்கேதான். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு, ஒரு நாளைக்கு ஒத்துக்கொண்ட வழக்கமான வேலை நேரத்துக்கு மேல் செய்ததைத்தான் ஓவர்டைம் என்கிறது. அந்த வழக்கமான நேரமும் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 என்ற வரம்புகளை மீறக் கூடாது. (உங்களுடையது போல ஒரு நாள் நேரம் குறைவாக இருந்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு மற்ற நாளில் 9 வரை வைக்கலாம். உங்கள் கடிதத்தில் 8தான் இருக்கிறது, அதனால் அதை விடுங்கள்.) திங்கட்கிழமை நீங்கள் நின்ற 2 மணி நேரம் திங்கட்கிழமையே ஓவர்டைம் ஆகிவிட்டது. புதன்கிழமை லீவு எடுத்ததால் அது பின்னோக்கிப் போய்ச் சாதா வேலையாக மாறாது. திங்கள் 2, வியாழன் 3, சனி 3, அந்த வாரத்துக்கும் 8 மணி நேரம் உங்களுக்கு வர வேண்டும்.

காசாகப் பார்த்தால், 2,080ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 80. அதை 8ஆல் வகுத்தால் மணிக்கு 10 வெள்ளி, ஒன்றரை மடங்கு 15. எட்டு மணி நேரத்துக்கு 120 வெள்ளி. அதைக் கேட்டு வாங்குங்கள். சண்டை வேண்டாம், பஞ்ச் கார்டைப் போட்டோ எடுத்து, மூன்று நாளையும் தனித்தனியாக எழுதிக் காட்டினால் போதும். வியாழன் கார்டில் காலை 7.00, மாலை 6.30 என்று இருந்தால் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையைக் கழித்து 11 என்று எழுதுங்கள், இடைவேளையைக் கழிக்காமல் போனால் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார். ஒரு மாத ஓவர்டைமை அடுத்த சம்பளக் காலம் முடிவதற்குள் கொடுத்தால் போதும் என்று சட்டம் விடுகிறது, அதனால் அது அடுத்த மாத பே சிலிப்பில் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் வராமல், கேட்டும் தரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், உங்கள் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் இருப்பதால் இந்த ஓவர்டைம் விதி உங்களுக்கு உண்டு.

அப்படியானால் வார வரம்பு எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் மில்லிலேயே பழைய ஆட்களின் கடிதத்தில் ஆறு நாளும் 8 மணி நேரம் என்று இருக்கலாம். 2023 ஜனவரிக்கு முன் வார வரம்பு 48, அப்போது அது சரி. இப்போது 45. அவர்கள் ஒரு நாளும் 8ஐத் தாண்டாமல் வேலை செய்தாலும் வாரத்தில் 3 மணி நேரம் வரம்புக்கு வெளியே நிற்கிறது, நாள் கணக்கில் அது தெரியவே தெரியாது. அந்த ஆள் திங்கட்கிழமை மட்டும் 10 மணி நேரம் நின்றால் மொத்தம் 50. நாள் ஓவர்டைம் 2ஐ எடுத்தால் மிச்சம் 48, அதில் 45க்கு மேல் 3, ஆக 5 மணி நேரம். இங்கே இரண்டையும் கூட்டுகிறோம், ஏனென்றால் இவை வேறு வேறு மணி நேரங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் வேலையையும் பொது விடுமுறை வேலையையும் இந்தக் கணக்கில் கலக்காதீர்கள், அவற்றுக்குத் தனி விகிதம்.

சரி, லோனுக்கு வருவோம். நீங்கள் வாரம் 16 மணி நேரம், 240 வெள்ளி, மாதம் 960 என்று மனதில் போட்டு மச்சானுக்குத் தலையாட்டியிருக்கிறீர்கள். உண்மையில் அது 480. இதிலேயே 620 தவணைக்கு 140 குறைகிறது. அந்த 480ம் எல்லா மாதமும் வராது. பழம் குவியும் மாதங்களில் மில் ராத்திரி வரை ஓடும், பழம் குறையும் வருடத் தொடக்கத்தில் கிராணியே உங்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்புவார், இது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இபிஎஃப், சொக்சோ எல்லாம் போக உங்கள் அடிப்படைச் சம்பளத்தில் கைக்கு வருவது ஏறக்குறைய 1,835. ஓவர்டைம் இல்லாத மாதம் அதில் 620 போனால் மிச்சம் 1,215. அதில் குடும்பம் நடத்த முடியுமா? ஓவர்டைம் காசுக்கு இபிஎஃப் பிடிப்பதும் இல்லை, ஆக உடம்பை வருத்திச் சம்பாதித்த அந்தப் பணம் அப்படியே கார் தவணைக்குப் போனால் உங்கள் முதுமைக்கு ஒரு காசும் சேராது.

மச்சான் நல்ல பையனாகவே இருக்கட்டும். அவர் இரண்டு மாதம் கட்டாமல் விட்டாலும் பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் கடன் பதிவில் நிற்பது உங்கள் பெயர், நாளைக்கு வீட்டு லோனுக்குப் போகும்போது உங்களைத்தான் கேட்பார்கள். சம்பளத்தை முன்கூட்டியே தரும் ஆப் ஒன்றை வைத்து இடைவெளியைச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் தொடாதீர்கள், கட்டணம் பிடித்துக்கொண்டு அடுத்து வரும் சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பதுதான் பெரும்பாலும் அவர்கள் செய்வது.

மச்சானிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள், "என் கணக்கு தப்பாகிவிட்டது, என் பேரில் முடியாது" என்று. வீட்டில் முகம் கோணும், கோணட்டும். உதவித்தான் ஆக வேண்டும் என்றால் முந்தின வாரத்து 120 வெள்ளி கைக்கு வந்ததும் முன்பணத்துக்கு என்று அவர் கையில் கொடுங்கள், லோன் அவர் பெயரில், அவர் சம்பளத்தில், அவர் தகுதிக்கு ஏற்ற காருக்கு இருக்கட்டும்.