ஒரு நாள் பின்னால் போகும் தேதி: இந்தப் பக் ரிப்போர்ட்டை எப்படிப் பிரித்து எழுதுவது?

கேள்வி: லீவ் விண்ணப்பம் போடும் ஒரு வெப் ஆப்பை டெஸ்ட் செய்கிறேன். நான் இருப்பது கோயம்புத்தூரில், டெவலப்பர்கள் இருப்பது பாஸ்டனில். கீழே உள்ளபடி ஒரு பக் போட்டேன். "Cannot Reproduce" என்று மூடிவிட்டார்கள். படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, சூழல் என்று தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்கிறார் எங்கள் லீட். எதை எங்கே வைப்பது?

*"லீவ் ஃபார்மில் தேதி தப்பாக வருகிறது. குரோமில் ஆகஸ்ட் 18 போட்டு சேவ் செய்தால் 17 என்று காட்டுகிறது. டேட்டாபேஸில் ஏதோ கோளாறு. எட்ஜிலும் இதேதான். தேதி சரியாக வர வேண்டும். அவசரம்."*

பதில்: உங்கள் ரிப்போர்ட்டில் விஷயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் செய்தது, பார்த்தது, ஊகித்தது எல்லாம் ஒரே பத்தியில் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து அதன் இடத்தில் வைத்துப் பார்ப்போம். அப்படி வைக்கும்போது சில இடங்கள் காலியாக நிற்கும். டிக்கெட் மூடப்பட்டதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் காலி இடங்களில்தான் இருக்கும்.

முதலில் நான்கு பகுதிகளிலும் சேராதவற்றை வெளியே எடுங்கள். "தேதி தப்பாக வருகிறது" என்பது தலைப்புக்கான கரு, அவ்வளவுதான். "அவசரம்" என்பதற்கு டிக்கெட்டில் தனியாக ஒரு கட்டம் உண்டு, அங்கே போகட்டும். "டேட்டாபேஸில் ஏதோ கோளாறு" என்பது நீங்கள் கண்டதல்ல, நினைத்தது. அதை நடுவில் வைத்தால் படிக்கிற டெவலப்பர் நேராக டேட்டாபேஸைத் திறந்து பார்ப்பார், அங்கே எல்லாம் ஒழுங்காக இருப்பதைக் கண்டு டிக்கெட்டை மூடிவிடுவார். ஊகத்தைச் சொல்லவே கூடாது என்பதில்லை. எல்லாவற்றுக்கும் கீழே "குறிப்பு" என்று தனியாக வையுங்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்ற காரணத்தோடு.

இனி படிகள். "ஆகஸ்ட் 18 போட்டு சேவ் செய்தால்" என்பதில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. காலண்டரைத் திறந்து 18-ஐத் தொட்டீர்களா, கட்டத்தில் தேதியைத் தட்டச்சு செய்தீர்களா? பல ஆப்களில் இவை இரண்டும் வெவ்வேறு கோட் வழியாகப் போகும். ஒன்றில் வரும் பக் மற்றதில் வராமல் போகலாம். அடுத்து, 17 என்று எங்கே பார்த்தீர்கள்? சேவ் செய்தவுடன் அதே திரையிலா, "என் விடுப்புகள்" பட்டியலிலா, பக்கத்தை ரீலோட் செய்த பிறகா? திரையில் 18 என்றே நின்று பட்டியலில் மட்டும் 17 ஆகியிருந்தால், தேடவேண்டிய இடமே வேறு. ஆகவே ஒரு வரிக்கு ஒரு செயல், அதில் உண்மையான மதிப்பு, கடைசி வரியில் எங்கே பார்க்க வேண்டும் என்பது. படிகளுக்குள் முடிவைச் சொல்லாதீர்கள். "சேவ் அழுத்தினால் தப்பான தேதி வரும்" என்று எழுதினால், அது படியா முடிவா என்று படிப்பவர் பிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"தேதி சரியாக வர வேண்டும்" என்பதை எதிர்பார்த்ததாக ஏற்க முடியாது. எது சரி என்று அது சொல்லவில்லையே. "பட்டியலில் 18 ஆகஸ்ட் 2025 என்று இருக்க வேண்டும், காலண்டரில் தேர்ந்தெடுத்த நாளும் சேமிக்கப்பட்ட நாளும் ஒன்றாக இருக்க வேண்டும்" என்று எழுதுங்கள். இங்கே காரணம் வெளிப்படை. அரை நாள் லீவ், விடுமுறை நாள் கணக்கு போன்றவற்றில் அப்படி இருக்காது. அங்கே எந்த விதிப்படி எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், "அப்படித்தான் வடிவமைத்தோம்" என்ற பதிலுக்கு இடமிருக்காது.

நடந்ததில் "17 என்று காட்டுகிறது" என்பதோடு இன்னும் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, ஒவ்வொரு முறையும் அப்படியா, சில சமயம் மட்டுமா? மற்றொன்று, பிரவுசர் சர்வருக்கு எதை அனுப்பியது? இதைப் பார்க்க நீங்கள் கோட் எழுதத் தெரிந்தவராக இருக்கத் தேவையில்லை. குரோமில் F12 அழுத்தி Network பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு சேவ் செய்யுங்கள். புதிதாக வரும் வரியைத் தொட்டு Payload-ஐப் பாருங்கள். இப்படி ஏதாவது தெரியலாம்:

```
"from_date": "2025-08-18T00:00:00.000Z"
"from_date": "2025-08-17T18:30:00.000Z"
```

முதல் வரியைப் போல 18 என்று சரியாகப் போயிருந்தால், பழுது அதற்குப் பிறகு, சர்வரிலோ டேட்டாபேஸிலோ பட்டியலைக் காட்டும் இடத்திலோ இருக்கிறது. உங்கள் ஊகத்துக்கு அப்போது ஓரளவு ஆதாரம் கிடைக்கும். இரண்டாவதைப் போல 17T18:30 என்று இருந்தால், டேட்டாபேஸுக்குப் போவதற்கு முன்பே, உங்கள் பிரவுசரிலேயே தேதி மாறிவிட்டது. எனக்குச் சந்தேகம் இரண்டாவதன் மேல்தான். இந்தியாவில் டெஸ்ட் செய்பவருக்குத் தேதி சரியாக ஒரு நாள் பின்வாங்குகிறது, அமெரிக்காவில் இருப்பவருக்கு அப்படி ஆவதில்லை என்றால், முதலில் பார்க்கவேண்டியது நேர மண்டலத்தை.

நடப்பது இதுதான். காலண்டரில் 18-ஐத் தொட்டதும் ஆப் அதை "18-ஆம் தேதி நள்ளிரவு, உள்ளூர் நேரம்" என்று வைத்துக்கொள்கிறது. அனுப்பும்போது அதை உலகப் பொது நேரமான UTC-க்கு மாற்றுகிறது. இந்திய நேரம் UTC-ஐவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. எனவே நம் நள்ளிரவு 12 மணி, அங்கே முந்தைய நாள் மாலை 6:30. சர்வர் நேரத்தை விட்டுவிட்டு தேதியை மட்டும் எடுத்துக்கொண்டால் 17 ஆகிவிடும். பாஸ்டனிலோ ஆகஸ்ட் மாதத்தில் UTC-ஐவிட நான்கு மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். அவர்களுடைய நள்ளிரவு UTC-இல் அதே நாள் காலை 4 மணி. தேதி மாறாது. அவர்கள் எத்தனை முறை செய்தாலும் 18-தான் வரும். உங்கள் டிக்கெட்டை மூடியவர் அலட்சியமாக மூடவில்லை. அவர் கண்ணில் அந்தப் பக் படவே வழியில்லை.

நோட் ஜேஎஸ் இருக்கும் லினக்ஸ் அல்லது மேக் கணினியில் இதை ஒரே வரியில் காட்டலாம். இங்கே 7 என்பது ஆகஸ்ட், ஜாவாஸ்கிரிப்டில் மாதங்கள் 0-இலிருந்து எண்ணப்படும்.

```
TZ=Asia/Kolkata node -e "console.log(new Date(2025,7,18).toISOString())"
2025-08-17T18:30:00.000Z
```

இப்போது சூழலுக்கு வருவோம். நீங்கள் கொடுத்தது குரோம், எட்ஜ் என்ற இரண்டு பெயர்கள் மட்டும். பிரவுசரின் பதிப்பு எண், ஆபரேட்டிங் சிஸ்டம், ஆப்பின் பில்ட் எண், எந்த சர்வர் ஆகியவை தேவை. "லேட்டஸ்ட் குரோம்" என்று எழுத வேண்டாம், சில வாரங்களில் அது வேறொன்றாகிவிடும். இவற்றோடு தேதி, நேரம், எண், பணம் சம்பந்தப்பட்ட எந்தப் பக்கிலும் கணினியின் நேர மண்டலத்தையும் மொழி அமைப்பையும் எழுதுங்கள். எந்த மணிக்கு டெஸ்ட் செய்தீர்கள் என்பதும் சில நேரம் தேவைப்படும். இதே கோளாறு "இன்றைய தேதி" தானாக நிரம்பும் கட்டத்தில் இருந்தால், இந்தியாவில் நள்ளிரவு முதல் காலை 5:30 வரை மட்டுமே தப்பாகக் காட்டும். இரவு ஷிஃப்டில் இருப்பவர் பக் போடுவார், பகலில் வருபவர் அதைக் காணமாட்டார்.

ஒரு விஷயத்தில் டெம்ப்ளேட்டை அப்படியே பின்பற்றாதீர்கள். சூழல் கடைசியில் இருப்பது சரி. ஆனால் அதிலுள்ள ஒன்றை மாற்றினால் முடிவும் மாறுகிறது என்று தெரிந்துவிட்டால், அது இனி பின்னணித் தகவல் இல்லை. அதை எடுத்து முதல் படியாக வைக்க வேண்டும். எட்ஜிலும் வருகிறது என்று நீங்கள் பார்த்ததால் குரோம் மட்டும் காரணமில்லை என்று ஆகிறது, அது சூழலிலேயே இருக்கட்டும். நேர மண்டலத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், வேறெதையும் தொடாதீர்கள். குரோமில் F12-க்குப் பிறகு Ctrl+Shift+P அழுத்தி Sensors என்று தட்டச்சு செய்து Enter அழுத்தினால் ஒரு பகுதி திறக்கும். அதில் Location-ஐ San Francisco என்று மாற்றினால் பிரவுசரின் நேர மண்டலமும் மாறும். பிறகு பக்கத்தை ரீலோட் செய்து, அதே படிகளைச் செய்யுங்கள். 18 என்று வந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அதே பட்டியலில் Mumbai இருப்பதால், பாஸ்டனில் இருப்பவரும் கணினியின் கடிகாரத்தைத் தொடாமல் இந்திய நேரத்தில் இதைப் பார்க்கலாம். அந்த DevTools ஜன்னலை மூடினால் இந்த மாற்றம் போய்விடும் என்பதை மட்டும் அவருக்கு எழுதிவிடுங்கள்.

சோதனையில் இது உறுதியானால் ரிப்போர்ட் இப்படி அமையும்:

தலைப்பு: நேர மண்டலம் இந்தியா என்றால், காலண்டரில் தேர்ந்தெடுத்த லீவ் தேதி ஒரு நாள் முன்னதாகச் சேமிக்கப்படுகிறது

படிகள்
1. குரோமில் F12, Sensors, Location-இல் Mumbai. DevTools திறந்தே இருக்கட்டும். பக்கத்தை ரீலோட் செய்யவும்.
2. சாதாரண ஊழியர் கணக்கில் நுழைந்து "புதிய விடுப்பு" திறக்கவும்.
3. காலண்டரிலிருந்து 18 ஆகஸ்ட் 2025 தேர்ந்தெடுக்கவும்.
4. சேவ் அழுத்தவும்.
5. "என் விடுப்புகள்" பட்டியலைத் திறந்து தேதியைப் பார்க்கவும்.

எதிர்பார்த்தது: 18 ஆகஸ்ட் 2025, திங்கள்.

நடந்தது: 17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு. ஒவ்வொரு முறையும். அனுப்பப்பட்ட மதிப்பு `2025-08-17T18:30:00.000Z`. Location-ஐ San Francisco ஆக்கினால் 18 என்று சரியாக வருகிறது.

சூழல்: விண்டோஸ் 11, கணினியின் நேர மண்டலம் UTC+05:30. குரோம் 139, எட்ஜிலும் இதே முடிவு. டெஸ்ட் சர்வர், பில்ட் எண் ….

குறிப்பு: சர்வருக்குப் போகும் முன்பே தேதி மாறியிருப்பதால், பிரவுசர் பக்கத்தில் UTC-க்கு மாற்றும் இடத்தில் பழுது இருக்கலாம்.

ஸ்கிரீன்ஷாட் இருந்தால் இணையுங்கள். ஆனால் 17 என்ற முடிவையும் அனுப்பப்பட்ட மதிப்பையும் எழுத்திலும் கொடுங்கள். படத்துக்குள் இருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இதே பக்கை இன்னொருவர் புதிதாகப் போட்டுவிடுவார்.

மூடிய டிக்கெட்டை என்ன செய்வது என்பது மிச்சம். புதிதாக ஒன்று போடாமல் அதையே மீண்டும் திறங்கள். விவரப் பகுதியில் இந்தப் புதிய வடிவத்தை வைத்து, பழைய பத்தியை அழிக்காமல் அதன் கீழே விடுங்கள். இல்லாவிட்டால் முன்பு வந்த கமென்ட்கள் எதற்குப் பதில் என்று பிறகு படிப்பவருக்குப் புரியாது. கமென்டில் ஒரு வரி போதும்: "முதல் படியில் நேர மண்டலம் சேர்த்திருக்கிறேன், முன்பு அது இல்லை. Mumbai வைத்து ஒருமுறை பார்க்கவும்."